விரல் வெளுத்து நீலமாகிறதா? கையுறையா, உடம்புச் சூடா?

திருகோணமலையில் இருந்துகொண்டு குளிரில் விரல் வெளுக்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் எங்கள் ஊருக்குக் குளிர் வேறு வழிகளில் வருகிறது. ஏசி போட்ட அலுவலகம், கொழும்புக்குப் போகும் இரவு பஸ், மீனுக்கு ஐஸ் போடும் வேலை, மார்கழி மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் போவது, இப்படி. என் மேசைக்கு நேர் மேலேதான் ஏசி. காலையில் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் சுட்டுவிரலும் நடுவிரலும் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கும், பிறகு நீலம் பாயும். இதற்குக் கையுறையை நம்புவதா, உடம்பைச் சூடாக வைப்பதை நம்புவதா என்று இரண்டையும் பாவித்துப் பார்த்துவிட்டு நான் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தவள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நிறம் ஏன் மாறுகிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் தெரிவே அதில்தான் இருக்கிறது. விரல்களுக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு நாடிகள் குளிரில் கொஞ்சம் சுருங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான். சிலருக்கு அவை அளவுக்கு மிஞ்சி, கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கும். இரத்தம் வராத விரல் வெளுக்கும், விறைக்கும். உள்ளே தங்கிப்போன கொஞ்ச இரத்தத்திலிருந்து ஒட்சிசன் உறிஞ்சப்பட்டதும் நீலமாகும். சூடு திரும்பி நாடி திறக்கும்போது இரத்தம் ஒரேயடியாகப் பாய்ந்து விரல் சிவக்கும், குத்தும், எரியும். மூன்று நிறமும் எல்லோருக்கும் வருவதில்லை. இதை 1862இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மொரிஸ் ரெய்னோவின் பெயரில்தான் டொக்டர்மார் இதை ரெய்னோ என்கிறார்கள். நம் தோல் நிறத்தில் வெள்ளை பளிச்சென்று தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். நகத்தின் அடியையும் விரலின் உள்ளங்கைப் பக்கத்தையும் பார்த்தால் நிறம் மாறிய இடத்துக்கும் மாறாத இடத்துக்கும் நடுவே கோடு கிழித்தது போல் தெரியும்.

இந்தச் சுருக்கம் இரண்டு வழியாகத் தூண்டப்படுகிறது. ஒன்று, விரலையே குளிர் தொடுவது. குளிர்ந்த விரலின் நாடியில், சுருங்கச் சொல்லும் நரம்புச் சமிக்ஞையை ஏற்கும் வாங்கிகள் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்யத் தொடங்குகின்றன. மற்றது, உடம்பு முழுவதும் குளிர்வது. நெஞ்சும் வயிறும் சூடு இழக்கத் தொடங்கினால், உள்ளுறுப்புகளுக்குச் சூட்டை மிச்சம் பிடிக்க மூளை முதலில் கை கால் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைத்தான் குறைக்கும். விரலில் குளிர் பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பதற்றமும் கோபமும்கூட இதே நரம்பு வழியாகத்தான் வேலை செய்கின்றன. கையுறை முதல் வழியை அடைக்கிறது. சுவெட்டரும் சால்வையும் இரண்டாவதை அடைக்கின்றன.

கையுறையின் நல்லது எல்லோருக்கும் தெரிந்தது, நீட்டத் தேவையில்லை. மலிவு, பையில் போட்டுக்கொள்ளலாம், ஃபிரிட்ஜில் கை வைக்கும் முன் சட்டென்று மாட்டலாம். விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் பை மாதிரியான கையுறை, விரல் பிரித்த கையுறையைவிடச் சூடு காக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கணக்கு அடிக்க முடியாது. நுனி வெட்டிய கையுறையோடு விசைப்பலகை தட்டலாம், ஆனால் வெளுப்பது அந்த நுனிதானே.

கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காக்கிறது. என் தீர்மானம் முழுக்க இதில்தான் நிற்கிறது. விரலுக்குச் சூடு வருவது இரத்தத்தோடு. இரத்தம் நின்றுவிட்ட விரலைக் கையுறைக்குள் விட்டால் அந்தக் குளிரையே உள்ளே பொத்தி வைத்தது போலாகும். வெளுத்த பிறகு கையுறை போட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்தும் விரல் திரும்பாமல் இருந்த நாட்கள் எனக்கு உண்டு. அதே இடத்தில், கை வெறுமையாக இருந்தாலும், உள்ளே கையுள்ள பருத்தி பெனியன், மேலே சுவெட்டர், கழுத்தில் சால்வை, காலில் மேசோடு என்று இருந்த நாட்களில் வெளுப்பு அரிதாகத்தான் வந்தது. கனடாவில் கடுங்குளிரில் நடந்த பரிசோதனைகளிலும், நடு உடம்பைச் சூடாக்கும் சட்டை அணிந்தவர்களுக்கு வெறும் விரல்களில்கூட இரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. அவர்கள் இந்தப் பிரச்சினை இல்லாத ஆட்கள். ஆகவே அதை அப்படியே எங்களுக்குப் பொருத்த நான் துணிய மாட்டேன், ஆனால் போகும் திசை ஒன்றுதான்.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். நாடி மூடிக்கொண்டபின் நன்றாகச் சூடு காட்டினாலும் திறக்க 15, 20 நிமிடம் பிடிக்கும். ஆகவே சுவெட்டரை உள்ளே போய்க் குளிர்ந்தபின் தேடக் கூடாது, கதவைத் திறக்கும் முன்பே போட வேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் வியர்வை. வெயிலில் நடந்து வந்து நனைந்த சட்டையோடு ஏசிக்குள் நுழைந்தால் அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் கொண்டுபோகும். கழுத்தையும் முதுகையும் துடைத்து, உள் பெனியனை மாற்றி, கொரிடோரில் கொஞ்சம் நின்று ஆறியபின் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே போவேன். மாற்றுப் பெனியன் மேசை லாச்சியில் எப்போதும் இருக்கும். ஏசிக் காற்று நேரே படாதபடி கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதும் உதவியது. சரி, மே மாத வெக்கையில் சுவெட்டரோடு திரிவதைப் பார்த்துப் பலர் கேட்பார்கள். கேட்டால் விளக்கிவிடலாம்.

ஆனால் ஐஸ் வேலைக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. என் மச்சாள் கொட்பே பக்கம் ஒரு வாடியில், கொழும்புக்குப் போகும் மீனை ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்குகிறா. அவவுக்கும் இதே வெளுப்பு. அங்கே உடம்பு வியர்த்துக்கொண்டிருக்கும், விரல் மட்டும் 0 பாகையில் கிடக்கும். சுவெட்டரால் ஒன்றும் ஆகாது, கையுறைதான் காக்கும். அங்கேயும் ரப்பர் கையுறை மட்டும் போதாது. ரப்பர் தண்ணீரைத் தடுக்கும், குளிரை அல்ல. மச்சாள் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ஒரு அளவு பெரிய ரப்பர் கையுறை போடுகிறா. பெரியது ஏனென்றால் இறுக்கமான கையுறை விரலை நெரித்து இரத்தத்தை இன்னும் தடுக்கும், நடுவில் காற்றும் நிற்காது. ஐஸை அள்ளக் கையைப் பாவிக்காமல் சவள் பாவிக்கிறா.

இதில் பராமரிப்புதான் பெரிய தலையிடி. காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். உள் கையுறை வியர்வையிலோ, விளிம்பு வழியாக வந்த தண்ணியிலோ நனைந்துவிட்டால் போட்டும் போடாததும் ஒன்றுதான். நனைந்ததைக் கழற்றிக் காய்ந்ததைப் போட வேண்டும், அதற்குப் பல சோடி வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை எங்கள் மழைக்காலத்தில் பருத்தி காயவே காயாது, அடுப்படியில் கொடி கட்டித்தான் காயப்போடுகிறா. ரப்பரில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று காலையில் தண்ணீர் நிரப்பிப் பிதுக்கிப் பார்ப்பா. என் சுவெட்டர் கதிரையில் தொங்கும், கிழமைக்கு ஒருக்கால் துவைத்தால் போதும். இரண்டும் உதவுகிற இடத்தில் நான் சுவெட்டரைத் தெரிவதற்கு இந்த வேலைக் குறைவும் ஒரு காரணம்.

வெளுத்துவிட்டால் என்ன செய்வது? குளிரை விட்டு வெளியே வர வேண்டும். அப்புறம் விரல்களை அக்குளில் வைத்துக்கொள்ளலாம், தோளிலிருந்து கையை வட்டமாகச் சுழற்றலாம், வெதுவெதுப்பான தண்ணீரில் விடலாம். எங்கள் ஊர்க் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் போல மேலே ஊற்றிக்கொள்ளக்கூடிய சூடு போதும். கொதிக்கிற பிளாஸ்க் தண்ணீரில் விடக் கூடாது, விறைத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். அதனால் தண்ணீரின் சூட்டை முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகக் குளிசை. நிபெடிபின் மாதிரி நாடியைத் தளர்த்தும் பிரஷர் குளிசைகளைத்தான் வழக்கமாகக் கொடுப்பார்கள். நான் எடுத்ததில்லை, ஆகவே அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமையில்லை. தெரிந்த ஒருவருக்கு வெளுப்பு குறைந்தது, ஆனால் தலையிடியும் கணுக்கால் வீக்கமும் வந்தன. இரண்டும் அந்த மருந்துக்கு வழக்கமான பக்கவிளைவுகள். எதிர்ப்பக்கத்தில், வெளுப்பைக் கூட்டக்கூடிய மருந்துகளும் உண்டு. படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் புரோப்பிரனலோல், பிரஷருக்கான அட்டெனலோல், தலைவலிக்கான எர்கொட்டமின் போன்றவை. இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், விரல் வெளுப்பதை டொக்டரிடம் சொல்லி மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். சிகரெட் நாடியைச் சுருக்கும், அதை விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இவ்வளவும் இளவயதில் தொடங்கி, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வந்து, புண் இல்லாமல் போகிற சாதாரண வகைக்குத்தான். என்னுடையது அது. நாற்பதை ஒட்டியோ அதற்குப் பிறகோ புதிதாகத் தொடங்கினால், ஒரு கையில் மட்டும் வந்தால், விரல் நுனியில் புண் வந்தால், விரல் தோல் இறுகி மடக்கக் கஷ்டமானால், மூட்டு வலியோ வாய் வறட்சியோ சேர்ந்தால், கையுறையா சுவெட்டரா என்று யோசித்துக்கொண்டிராமல் கிளினிக்குக்குப் போக வேண்டும். தோலை இறுக்கும் ஸ்க்ளெரோடெர்மா, லூபஸ் போன்ற நோய்களின் முதல் அடையாளமாகவும் இது வரலாம். கல் உடைக்கும் மெஷின், செயின் வாள் போன்ற அதிரும் கருவிகளைப் பல வருடம் பிடித்தவர்களுக்கும் வரும். சூடு காட்டியும் நிறம் திரும்பாமல் கறுக்கத் தொடங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டொக்டர் நகத்தின் அடிமடிப்பில் இருக்கும் நுண்குழாய்களைப் பெருக்கிப் பார்ப்பார், ஏஎன்ஏ என்ற இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். கிளினிக்கில் உங்கள் முறை வரும்போது விரல் வழக்கமான நிறத்துக்கு வந்திருக்கும். அதனால் வெளுக்கும்போதே ஃபோனில் இரண்டு கையையும் சேர்த்து, உள்ளங்கைப் பக்கமும் நகப் பக்கமும் படம் எடுத்துக் கொண்டுபோங்கள்.