கிலோமீட்டர் கணக்கா, சுருக்கக் கோடா: ஓட்ட ஷூவின் ஆயுளை எதை வைத்துச் சொல்வது?

ஓடுபவர்களிடம் "ஷூவை எப்போ மாத்தணும்?" என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். சிலர் கிலோமீட்டர் கணக்கு வைத்திருப்பார்கள். 500 தாண்டினால் கவனம், 800 தொட்டால் கழற்றி வை என்பார்கள். வேறு சிலர் ஷூவைக் கையில் எடுத்து, அடிரப்பருக்கு மேலே இருக்கும் ஃபோம் அடுக்கான மிட்சோலின் பக்கவாட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் பிரச்சினை இல்லை. ஒன்றுக்கொன்று எதிராகச் சொல்லும்போது எதை நம்புவது?

எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவரின் இரண்டு ஜோடிகளையே எடுத்துக்கொள்வோம். எடை 70 கிலோவுக்குப் பக்கம், வாரத்துக்கு சுமார் 40 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. ஓடும்போது குதிகால்தான் முதலில் தரையில் படும். தினசரி ஓட்டத்துக்கு அவர் வைத்திருப்பது சாதாரண இவிஏ ஃபோம் ஷூ. 620 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பக்கவாட்டில் இரண்டு கோடுகள்தான். வேக ஓட்டத்துக்கு வைத்திருப்பது மெத்தென்ற பீபா ஃபோம் ஷூ. 180 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஆனால் குதிகாலைச் சுற்றி வயதானவர் நெற்றி போல வரிவரியாகக் கோடுகள். கிலோமீட்டர் கட்சி முதல் ஜோடியைக் கழிக்கச் சொல்லும், சுருக்கக் கட்சி இரண்டாவதை.

முதலில் கிலோமீட்டர் கணக்கு. ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஆயிரம் அடி வைக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஷூவும் ஐந்நூறு முறை தரையில் இறங்குகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை. 600 கிலோமீட்டரில் அது மூன்று லட்சம் தடவை. மிட்சோல் ஃபோம் என்பது மூடிய, மிக நுண்ணிய காற்றறைகளின் கூட்டம். அமுக்க அமுக்க அறைச் சுவர்கள் வளைந்து தளர்கின்றன, உள்ளே இருக்கும் வாயுவும் மெல்லக் கசிகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் பழைய உயரத்துக்கு அது எழும்புவதில்லை.

ஆனால் இந்தத் தேய்மானம் 500-ஆவது கிலோமீட்டரில் திடீரென்று வருவதில்லை. 1985-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அந்தக் காலத்து ஷூக்களை இயந்திரத்தில் வைத்து அடித்துப் பார்த்தது. முதல் 80 கிலோமீட்டருக்குச் சமமான அடியிலேயே அதிர்ச்சி தாங்கும் திறன் முக்கால்வாசியாக இறங்கிவிட்டது. 160-லிருந்து 240 கிலோமீட்டருக்குள் மூன்றில் இரண்டு பங்கு. அப்புறம் 400-லிருந்து 800 வரையிலான நீண்ட தூரத்தில் அறுபது சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அதாவது பெரிய வீழ்ச்சி தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகத்தான் இறங்குகிறது. (மனிதர்கள் காலில் போட்டு ஓடிய ஷூக்கள் இயந்திரத்தில் அடிபட்டவற்றைவிடக் கொஞ்சம் நன்றாகவே தாக்குப்பிடித்தன.) இன்றைய ஃபோம்கள் வேறு, எண்களும் வேறாக இருக்கும். ஆனாலும் 500 என்பது மருந்துப் பாட்டிலில் போடும் காலாவதித் தேதி அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்னொரு குறை: ஸ்ட்ராவாவோ கார்மினோ, செயலிக்குத் தூரம் மட்டும்தான் தெரியும். 55 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஓடிய 500 அதற்கு ஒன்றுதான். அதே ஷூவில் காய்கறி வாங்கப் போனதும், நாள் முழுக்க அலுவலகத்தில் நின்றதும் கணக்கில் ஏறுவதே இல்லை.

சரி, சுருக்கம் என்ன சொல்கிறது? அச்சில் வார்க்கப்பட்ட மிட்சோலின் பக்கவாட்டில் மெல்லிய தோல் போல ஒரு மேற்பரப்பு இருக்கும். உள்ளே ஃபோம் உயரம் குறைந்து நின்றுவிட்டால், அந்தத் தோல் மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது; மிச்ச நீளம் மடிந்து கோடாகிறது. இந்தக் கோட்டில் சேதி இருக்கிறது. ஆனால் மெத்தென்ற ஃபோமில் வேறொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு அடியிலும் ஃபோம் நிறைய அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்குவதால், உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும்போதே மேல்தோல் மடிந்து மடிந்து கோடு பதிந்துவிடுகிறது. சில ஷூக்களில் முதல் சில ஓட்டங்களிலேயே இது தெரியும். அதைப் பார்த்துப் பயந்து கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. இறுக்கமான இவிஏ இதற்கு நேர் எதிர்: உள்ளே செத்துப்போயிருந்தாலும் வெளியே அதிகம் காட்டிக்கொள்ளாது.

ஆக, கோடுகளை எண்ணிப் பயனில்லை. கோடு எங்கே இருக்கிறது, ஓய்வு கொடுத்தால் மறைகிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

பார்க்கும் விதம் இப்படி. ஓடி முடித்த கையோடு பார்க்கக் கூடாது. ஒரு முழு நாளாவது ஷூ சும்மா கிடக்க வேண்டும். பிறகு மேசை மேல் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகால் பக்கத்தைப் பாருங்கள். ஆளில்லாமல் சும்மா நிற்கும்போதும் ஆழமாக மூடியே இருக்கும் கோடு, உயரம் போய்விட்டதன் அடையாளம். விரல் நகத்தால் தடவினால் லேசாக உணரும் அளவுக்கு மட்டும் இருக்கும் கோடுகள் பெரும்பாலும் தோல் சுருக்கம்தான்.

அடுத்து, இன்சோலை வெளியே எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திப் பார்க்க வேண்டும். புது ஷூ பக்கத்தில் இல்லையே என்று கவலை வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி அதே ஷூவிலேயே இருக்கிறது. பாதத்தின் வளைவுக்குக் கீழே உள்ள பகுதி மற்ற இடங்களைவிடக் குறைவாகவே அடி வாங்கும். அங்கே ஒரு அழுத்து, குதிகாலில் ஒரு அழுத்து. வளைவில் விரல் சீராக இறங்கி மேலே தள்ளப்படுகிறது. குதிகாலில் கொஞ்சம் இறங்கியதுமே கட்டை மாதிரி நின்றுவிடுகிறது என்றால் அங்கே ஃபோம் முடிந்துவிட்டது. உட்பக்கம் வேண்டுமென்றே கெட்டியான ஃபோம் வைத்துச் செய்த ஷூக்களில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும்.

கடைசியாக, ஷூவைச் சமதரையில் வைத்துப் பின்னாலிருந்து பார்ப்பது. குதிகால் கூடு நேராக நிற்க வேண்டும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருந்தால் அந்தப் பக்க ஃபோம் மட்டும் உட்கார்ந்துவிட்டது. என்னைக் கேட்டால் இந்த மூன்றிலும் இதற்குத்தான் அதிக மதிப்பெண். எல்லா இடமும் சீராகத் தேய்ந்த ஷூ கால்களுக்குக் கொஞ்சம் கடினமாகத் தெரியும், அவ்வளவுதான். சாய்ந்த ஷூவோ ஒவ்வொரு அடியிலும் கணுக்காலை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இப்போது நண்பரின் இரண்டு ஜோடிகளுக்கு வருவோம். பீபா ஷூவில் கோடுகள் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, எல்லாமே மேலோட்டமானவை. விரலை அழுத்தினால் எகிறித் தள்ளியது, பின்னாலிருந்து பார்த்தால் நேராக நின்றது. ஓடலாம். இவிஏ ஷூவில் இடது நன்றாகவே இருந்தது. வலது ஷூவில்தான் அந்த இரண்டு கோடுகளும் இருந்தன, அதுவும் வெளிப்பக்கக் குதிகாலில் மட்டும். இரண்டு நாள் கழித்தும் திறக்கவில்லை. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தால் வெளிப்பக்க உயரம் இடது ஷூவைவிட 3 மில்லிமீட்டர் குறைவு. அந்த ஜோடிக்கு ஓட்டம் முடிந்தது. இந்த முறை கிலோமீட்டர் சொன்னதுதான் பலித்தது. ஆனால் தேய்ந்தது ஒரே ஒரு ஷூவின் ஒரு பக்கம் மட்டும் என்பதை எந்தச் செயலியும் சொல்லியிருக்காது.

ஏன் வலது மட்டும்? அவர் வண்டிகளுக்கு எதிர்முகமாக, சாலையின் வலது ஓரமாகவே போகவும் வரவும் ஓடுகிறார். பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும். வலது ஓரத்தில் ஓடும்போது வலது பாதத்தின் வெளிப்பக்கம் எப்போதும் தாழ்ந்த பக்கத்தில் விழுகிறது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, கால் அமைப்பும் காரணமாக இருக்கலாம். ஆனால் வாரத்தில் பாதி ஓட்டத்தைப் பூங்காவுக்கோ மைதானத்துக்கோ மாற்றுவது ஷூவுக்குச் செலவில்லாத வைத்தியம்.

ஆயுளைக் கூட்டுவதிலும் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடு என்பது ஒன்று. ஒரே ஜோடியைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள் என்பது இன்னொன்று. இரண்டு ஜோடி இருந்தால் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு உழைக்கும் என்று சொல்வதை நான் நம்புவதில்லை. ஃபோம் எழும்புவதில் பெரும்பகுதி ஓடி முடித்த இரவுக்குள்ளேயே நடந்துவிடும். மூன்று லட்சம் அடி என்பது இரண்டு ஜோடிக்கும் தனித்தனியே உண்டு, காலண்டரில்தான் நாள் கூடும். ஆனால் வேறு லாபங்கள் இருக்கின்றன. நம் ஊர் வேர்வைக்கு ஒரே ஜோடி தினமும் காய்வதே இல்லை. ஈரத்திலேயே கிடந்தால் ஃபோமுக்கு முன்னால் ஒட்டுப்பசையும் உள்துணியும் போய்விடும். லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. மாற்றிப் போட்டதுதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் எனக்கு இரண்டு ஜோடிப் பக்கமே சாய்வு.

பொத்தி வைக்கும் கட்சி சரியாகச் சொல்வது வெயில் விஷயத்தில். மூடிய காருக்குள்ளும் மொட்டை மாடிச் சுவர் மேலும் ஷூவை விட்டால், அந்தச் சூட்டில் ஃபோம் சுருங்கும், பசை இளகும். வாஷிங் மெஷினும் வேண்டாம், டிரையர் வேண்டவே வேண்டாம். நனைந்து வந்தால் இன்சோலை வெளியே எடுத்து, லேஸைத் தளர்த்தி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் திணிக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஓடும் ஷூவை ஓடுவதற்கு மட்டும் போடுவதும் உதவும். 7,000 ரூபாய் ஷூ 600 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குப் பக்கம். அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போக 300 ரூபாய் செருப்பு இருக்கிறதே.

புது இன்சோல் போட்டால் ஷூ மறுபடி இளமையாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. காலுக்கு மெத்தென்று தெரியும், உண்மைதான். ஆனால் கீழே சாய்ந்த மிட்சோல் சாய்ந்தபடியே இருக்கும், அதை உணர விடாமல் இன்சோல் மறைத்துவிடும். அடிரப்பர் தேய்ந்த இடத்தில் ரப்பர் பசை பூசி நிரப்புவது பரவாயில்லை, மேலே மிட்சோல் நன்றாக இருந்தால் மட்டும்.

அடுத்த ஜோடியை, பழையது 400 கிலோமீட்டரைத் தாண்டும்போதே வாங்கிவிடுவது வசதி. வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள் என்று புதியதை நுழைத்துக்கொண்டே வந்தால், பழையதில் ஓடும் நாட்களில் மட்டும் கெண்டைக்காலோ முட்டியோ வலிக்கிறதா என்று தெரிந்துவிடும். புதியதில் ஓடும்போது வலி இல்லை, பழையதில் திரும்ப வருகிறது, இரண்டு மூன்று தடவை இதே கதை என்றால் ஸ்கேலைத் தேட வேண்டியதில்லை.