ஸ்பார்ட்டாவா ஏதென்ஸா: ட்ரெய்னிங் சரி, மாசப் பங்க யாரு கட்டுறது?

ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு சேர்ந்தா வெட்டிப் பேச்சுக்கு என்ன பஞ்சம், பழைய கிரேக்கத்துல ஒரு பையன வளர்க்கணும்னா ஸ்பார்ட்டாவா ஏதென்ஸான்னு ஒரு வாக்குவாதம். நான் மொதல்ல ஸ்பார்ட்டா பக்கம்தான் நின்னேன். அப்புறம் கொஞ்சம் உக்காந்து படிச்சதுல கட்சி மாறிட்டேன், இப்ப ஏதென்ஸ்தான்.

ஸ்பார்ட்டா கத பாதி உங்களுக்கே தெரியும். 7 வயசுல பையன வீட்ட விட்டு எடுத்து கூட்டத்துல சேர்த்துடுவாங்க, செருப்பு கிடையாது, 12 வயசுக்கு மேல வருஷம் முழுக்க ஒரே துணி, படுக்கைக்கு யூரோட்டஸ் ஆத்தங்கரை நாணல கத்தி இல்லாம கையாலயே ஒடிச்சுட்டு வரணும். சாப்பாடு வேணும்னே கம்மியா போடுவாங்க, திருடித் தின்னுக்கோ, ஆனா மாட்டுனா சவுக்கடி, அதுவும் திருடுனதுக்கு இல்ல, மாட்டுனதுக்கு. இதையெல்லாம் நமக்கு விவரமா சொன்னவங்க வெளியூர்க்காரங்க, அதுல புளூட்டார்க் பல நூறு வருஷம் கழிச்சு எழுதுனவரு, அதனால கொஞ்சம் உப்பு காரம் கூடவே இருக்கும்னு வெச்சுக்கங்க.

ஏதென்ஸ்ல 18 வயசு வரைக்கும் அப்பன் பாடு, பையன் பாடு. காசிருந்தா எழுத்து, இசை, மல்யுத்தம்னு வாத்தியார் வெச்சுப் படிக்க வைக்கலாம், இல்லாதவன் சீக்கிரமே நிறுத்திட்டு தொழிலுக்குப் போயிடுவான். 18லிருந்து 20 வரைக்கும் ரெண்டு வருஷம் ராணுவப் பயிற்சி, மொத வருஷம் துறைமுகக் காவல், வில்லு ஈட்டி கவண்பொறி எல்லாம் கத்துக்கணும், அடுத்த வருஷம் அரசாங்கமே கேடயமும் ஈட்டியும் குடுத்து எல்லைக்கு அனுப்பும். சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளைக்கு 4 ஓபல் அரசாங்கக் காசு. ஒண்ணு ஒத்துக்கணும், இந்த ஏற்பாடு இவ்ளோ ஒழுங்கா வந்தது கி.மு. 335 வாக்குலதான், ஸ்பார்ட்டாகிட்ட கி.மு. 404ல தோத்தப்ப ஏதென்ஸ்ல இதெல்லாம் இந்த அளவுக்கு இல்ல. நேருக்கு நேர் தரைச் சண்டைன்னா ஸ்பார்ட்டாக்காரன்தான், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல.

என்னை மாத்துனது பராமரிப்புச் செலவு. ஸ்பார்ட்டாவுல பயிற்சி முடிஞ்சா போதாது, 20 வயசு வாக்குல பொதுப் பந்தி ஒண்ணுல சேரணும், பதினஞ்சு பேரு மாதிரி இருக்கிற மெஸ், ஓட்டுப் போட்டுத்தான் சேர்ப்பாங்க, ஒருத்தன் வேணாம்னாலும் அவ்ளோதான். சேர்ந்தப்புறம் மாசா மாசம் பங்கு கட்டணும்: 50 லிட்டருக்கு மேல பார்லி, 25 லிட்டருக்கு மேல ஒயின், ரெண்டு கிலோ சொச்சம் சீஸ், ஒரு கிலோவுக்கு மேல அத்திப்பழம், தொட்டுக்கக் கொஞ்சம் காசு. கட்ட முடியலன்னா குடியுரிமையே போச்சு. சின்ன வயசுல நீ எத்தனை சவுக்கடி வாங்குனன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

இந்தப் பங்கு நிலத்துலருந்து வரணும், நிலத்த உழுறது ஹெலட்டுகள்ங்கிற அடிமை மாதிரியான ஜனங்க. இப்ப ஒருத்தர்கிட்ட ஒரு பங்குக்கு சரியா வர்ற நிலம் இருக்குன்னு வைங்க, ரெண்டு பையன். ரெண்டு பேரும் பதிமூணு வருஷம் பட்டினியும் அடியுமா பயிற்சி முடிக்கிறாங்க, அப்பா செத்ததும் நிலம் பாதி பாதி, பாதி நிலத்துல முழுப் பங்கு வராது, ரெண்டு பேரும் வெளிய. ஒரு குடும்பம் ரெண்டு வீரனத் தயார் பண்ணி கடைசில ஒருத்தனும் மிச்சமில்ல. இதுல இன்னொரு கூத்து, மூணு பையன் பெத்தா ராணுவ சேவை கிடையாது, நாலு பெத்தா எல்லா வரியும் தள்ளுபடின்னு சட்டம் போட்டாங்க. பிள்ளைங்க கூடுனா நிலம் இன்னும் துண்டாகும், ஏழையாத்தான் ஆவாங்கன்னு அரிஸ்டாட்டில் அப்பவே இத நோண்டிட்டாரு.

கணக்கு பாருங்க. கி.மு. 480ல ஸ்பார்ட்டாவுல 8,000 ஆம்பளைங்கன்னு அந்தக் காலத்து வரலாறு எழுதுன ஹெரோடோட்டஸ் சொல்றாரு. கி.மு. 371ல தீப்ஸ்காரங்களோட நடந்த லியூக்ட்ரா சண்டைக்கு வந்த ஸ்பார்ட்டாவோட முழுக் குடிமக்கள் 700 பேரு, அதுல 400 பேரு ஒரே நாள்ல காலி. அரிஸ்டாட்டில் காலத்துல 1,000 கூடத் தேறல. ஏதென்ஸும் தோத்துது, கொள்ளைநோய்லயும் செத்தாங்க, ஆனா அங்க நிலமே இல்லாதவன் கூடக் குடிமகன்தான், சம்பளத்துக்குக் கப்பல்ல துடுப்பு போட்டான், ஒரு போர்க்கப்பலுக்குத் துடுப்பு போட மட்டும் 170 பேரு வேணும். ஜனநாயகம் இருந்த வரைக்கும் காசில்லன்னு அவன யாரும் வெளிய தள்ளல.

லியூக்ட்ராவுக்கு அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஸ்பார்ட்டா புடிச்சு வெச்சிருந்த பக்கத்து நாடான மெஸ்ஸீனியாவோட ஹெலட்டுகளும் விடுதலையாயிட்டாங்க, அந்தப் பக்கத்து நிலமும் போச்சு. சவுக்கடி மட்டும் நிக்கல, ரோமானியர் காலத்துல ஆர்ட்டெமிஸ் கோயில் பலிபீடத்துல பசங்கள அடிக்கிறத டூரிஸ்ட்டுங்க வந்து பார்த்தாங்க, அவங்க உக்காந்து பார்க்க அங்க ஒரு அரங்கமே கட்டிட்டாங்க.