பால் மறக்கடிக்கும் நாளில் தாயை மாற்றுவதா, குட்டிகளை மாற்றுவதா?

பன்றிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்க இரண்டு வழி உண்டு. குட்டிகளைப் பிடித்து வேறு அறையில் விடலாம். அல்லது தாயை மட்டும் ஓட்டிப்போய்விட்டு, குட்டிகளைப் பிறந்த அறையிலேயே இருக்க விடலாம். பத்துத் தாய்ப்பன்றிகள் உள்ள எங்கள் பண்ணையில் பல வருடம் முதல் வழியில்தான் பிரித்தோம். மூன்று வருடமாக இரண்டாவது வழிக்கு வந்துவிட்டோம், திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. இரண்டிலும் பிரிப்பது 42-ஆம் நாள்.

குட்டிகளை மாற்றுவதில் வசதிகள் இருக்கின்றன. ஈனும் அறை உடனே காலியாகும், பெரிது சிறிது பார்த்துப் பிரித்துக் கட்டலாம். தாய் எந்த வழியில் பிரித்தாலும் பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் பருவத்துக்கு வந்துவிடும், அதனால் அது கணக்கில் வராது. முடிவு செய்யும் விஷயம் ஒன்றே ஒன்று. பிரித்த முதல் இரண்டு நாள் குட்டி சாப்பிடுகிறதா, இல்லையா?

பால் நின்றதும் குட்டிக்கு இரண்டு காவல் ஒரே நாளில் போய்விடுகின்றன. பாலில் வந்துகொண்டிருந்த நோய் எதிர்ப்புப் புரதம் நிற்கிறது. பால் சர்க்கரை புளித்து வயிற்றில் அமிலம் உண்டாவதும் நிற்கிறது. குட்டியின் வயிறு தானாகப் போதுமான அமிலம் சுரக்க இன்னும் பழகவில்லை. இந்த நிலையில் ஒரு நாள், ஒன்றரை நாள் பட்டினி கிடந்தால் குடலின் உறிஞ்சும் மயிர்கள் தேய்ந்து குட்டையாகிவிடும். பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காத புரதம் அப்படியே கீழ்க்குடலுக்கு இறங்க, ஈ.கோலை கிருமி அதில் பெருகும். பிரித்த மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கழிச்சல் வருவது இதனால்தான்.

எங்களை மாற்றியது ஓர் ஐப்பசி மாதம். இரண்டு தாய்கள் இரண்டு நாள் இடைவெளியில் ஈன்றிருந்தன. முதல் ஈற்றின் ஒன்பது குட்டிகளை, அன்று காலையில்தான் கழுவிய அறைக்கு மாற்றினேன். மழைக்காலம், தரை மாலை வரை காயவில்லை. குட்டித் தீவனம் விலை அதிகம் என்று மறுநாளே வளர்பன்றித் தீவனத்துக்கும் மாற்றிவிட்டேன். முதல் நாள் முழுக்க ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுத்துக் கத்தின, தொட்டியில் வாய் வைக்கவில்லை. இரண்டாம் நாள் மதியத்துக்குள் தொட்டி காலி. நல்லது என்று நினைத்து இன்னும் கொட்டினேன். நான்காம் நாள் ஆறு குட்டிக்கு வால் நனைந்திருந்தது. ஆறாம் நாளுக்குள் இரண்டு செத்தன.

இரண்டாவது ஈற்றுக்குக் காலி அறை இல்லை. வேறு வழியில்லாமல் தாயை மட்டும் ஓட்டினேன், பழைய தீவனமே தொடர்ந்தது. பத்தில் இரண்டுக்கு ஒரு நாள் இளகிப் போனது, அவ்வளவுதான். அறையால் வந்ததா, தீவனத்தால் வந்ததா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு ஓர் ஈற்றை அறை மட்டும் மாற்றி, தீவனத்தை மாற்றாமல் வைத்துப் பார்த்தேன். எட்டில் மூன்றுக்கு லேசான கழிச்சல், சாவு இல்லை. தீவனத்தின் பங்கு பெரிது, ஆனால் அறைக்கும் பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டேன். ஓர் ஈற்றை வைத்துச் சொல்வது என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

பிறந்த அறையில் இருக்கும் குட்டிக்குத் தொட்டி எங்கே, தண்ணீர் குடிக்கும் நிப்பிள் எங்கே, படுக்கும் மூலை எது என்று தெரியும். தேட வேண்டியது தாயை மட்டும்தான். அந்த மாலையே தொட்டிக்கு வந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. குட்டிகள் சாணம் போட ஒரு மூலையை ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும். புது அறையில், அதுவும் தரை ஈரமாக இருந்தால், இரண்டு மூன்று நாள் கண்ட இடத்தில் போட்டு அதன் மேலேயே படுக்கும். வயிறு குளிரும், கிருமியும் வாய்க்குப் போகும்.

அதற்காக ஆறு வாரச் சாணத்தோடு அறையை விட்டுவிடக் கூடாது. தாயை ஓட்டுவது காலையில். குட்டிகளை அவற்றின் தீவன மூலைக்குள் அடைத்துவிட்டு, மீதி அறையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் கிருமிநாசினி தெளிக்கிறோம். சாணப் படலத்தின் மேல் தெளித்தால் மருந்து வீண். அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் குட்டிகளை அந்தப் பக்கம் விட்டு, மூலையைக் கழுவுவோம். அதன்பின் ஒரு வாரம் குழாய்த் தண்ணீர் அறைக்குள் வராது. காலை மாலை சாணத்தைச் சுரண்டி அள்ளுவது மட்டும்தான். படுக்கும் இடத்தில் காய்ந்த வைக்கோல். மழைக்காலத்தில் காயவைக்க நேரம் கிடைக்காவிட்டால் பிரிப்பதை இரண்டு நாள் தள்ளிப்போடுகிறேன்.

தீவனத்தில் விதி ஒன்றுதான். தாயைப் பிரிக்கும் வாரத்தில் தீவனத்தைத் தொடாதே. இரண்டாவது வாரத்திலிருந்தே குட்டித் தீவனம் தின்று பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த அறையில் வைத்தும் பயனில்லை. பிரித்த முதல் மூன்று நாள், ஒரு குட்டிக்கு நாளுக்கு 200 கிராம் போல, ஐந்து வேளையாகப் பிரித்து வைக்கிறேன். எல்லாம் சேர்ந்தே பால் குடித்துப் பழகியவை. அதனால் எல்லாம் ஒரே நேரத்தில் தின்னும்படி குட்டிக்கு ஒரு சாண் தொட்டி வேண்டும். எட்டாம் நாளிலிருந்து கால் பங்கு வளர்பன்றித் தீவனம், இரண்டு நாளுக்கு ஒருமுறை இன்னொரு கால் பங்கு. பதினான்காம் நாள் முழுதாக மாறியிருக்கும். ஓட்டல் கழிவு கொடுக்கும் பண்ணைகளிலும் பிரித்த கையோடு அதைக் கொடுக்க வேண்டாம். பிறகு கொடுக்கும்போதும் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். கூடுதலாகும் குட்டித் தீவனத்தின் விலை, செத்த ஒரு குட்டியின் விலைக்கு அருகில்கூட வராது.

இவ்வளவு செய்தும் வரலாம். தினமும் காலையில் வாலுக்குக் கீழே பார்ப்பேன். நனைந்திருந்தால் அன்று தீவனத்தைப் பாதியாக்கி, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து தனித் தட்டில் வைப்பேன். சாதாரணத் தண்ணீரை நிறுத்துவதே இல்லை. கண் குழிந்தாலோ, சாணத்தில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இமை வீங்கித் தள்ளாடினால் அது வேறு; அதே கிருமியின் இன்னொரு வகை தரும் வீக்க நோய், மணிக்கணக்கில் சாகும். முன்பு கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்த கோலிஸ்டின் மருந்தை உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க 2019-இல் இந்தியாவில் தடை வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

குட்டிகளை மாற்றும் வழி வெல்லும் இடங்களும் உண்டு. ஒரு வாரம் காலியாகக் கிடந்து, கழுவிக் காய்ந்த, பெரிய பன்றிகளின் சாக்கடை வந்து சேராத அறை உங்களிடம் இருந்தால், தீவனத்தை மாற்றாமல் குட்டிகளை அங்கே விடுவதில் பெரிய வித்தியாசம் வராது. பிறந்த அறை முந்தைய ஈற்றில் கழிச்சல் வந்த அறையாக இருந்தால் குட்டிகளை மாற்றுவதுதான் சரி. தாயை மாற்றும் வழியில் ஈனும் அறை இரண்டு வாரம் கூடுதலாகப் பிடிபடும். பத்துத் தாய்க்கு எங்களிடம் நான்கு ஈனும் அறை இருப்பதால் சமாளிக்கிறோம். இரண்டு அறை மட்டும் வைத்திருப்பவர்கள் அடுத்த தாய் எப்போது ஈனும் என்று நாள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.