சமூக சேவை விடுப்பு: நாள் கணக்கா, மணிக் கணக்கா?

ஊழியர்கள் சமூக சேவைக்குச் செல்லத் தரும் சம்பளத்துடனான விடுப்பை நாளாகக் கணக்கிடுவதா, மணியாகக் கணக்கிடுவதா என்று கொழும்பு அலுவலகங்கள் சில தடுமாறுகின்றன. கடை, அலுவலக ஊழியர் சட்டம் தரும் 14 நாள் வருடாந்த விடுமுறையில் எந்த முறையும் கைவைக்கக்கூடாது. விடுப்புப் பதிவேட்டில் சமூக சேவை விடுப்புக்குத் தனிக்குறியீடு வேண்டும்.

தகுதி: தகுதிகாண் காலம் முடித்த நிரந்தர ஊழியருக்கு நாள் கணக்கு எளிது, பகுதிநேர ஊழியருக்கு வேலை நேரத்துக்கேற்பப் பங்கிட மணிக் கணக்கே நியாயமானது.

அனுமதி: நாள் கணக்கில் மேற்பார்வையாளரின் முன் ஒப்புதலும் மனிதவளப் பிரிவின் பதிவும் போதும், மணிக் கணக்கில், ஊழியர் வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் சேவை நிறுவனம் எழுதி ஒப்பமிட்ட கடிதமும் தேவை.

பதிவு: ஆண்டுக்கு இரண்டு நாள், அதாவது 16 மணி, உரிமையுள்ள ஒருவர் வெள்ளவத்தைக் கடற்கரையைக் காலை 8 முதல் 11 வரை துப்புரவு செய்துவிட்டு அலுவலகம் திரும்பினால், நாள் கணக்கு அரைநாளைக் கழித்து ஒன்றரை நாளை மீதம் வைக்கும், மணிக் கணக்கோ 3 மணியைக் கழித்து 13 மணியை வைக்கும். பயண நேரம் சேருமா என்பதைக் கொள்கையிலேயே எழுதாவிட்டால் தகராறு நிச்சயம். கடிதம் தாமதித்தால், அந்நேரம் சம்பளப் பட்டியலில் சம்பளமற்ற விடுப்பாக விழுந்துவிடுகிறது; ஆகவே சமர்ப்பிக்கும் இறுதித் திகதியையும் குறிப்பிட வேண்டும்.

முழுநாள் இரத்ததான முகாம்களுக்குக் குழுவாகச் செல்லும் சிறிய அலுவலகத்துக்கு நாள் கணக்கு பொருந்தும். வாராவாரம் பாடம் சொல்லிக்கொடுக்கச் செல்வோர் உள்ள இடத்துக்கு மணிக் கணக்கையே பரிந்துரைப்பேன்.