போகும்போது வாலண்டியர் கொடுத்துட்டுப் போன சாஃப்ட்வேர் லிஸ்ட்: ஒரு ரிப்பேருக்கு அப்புறம் எழுதுறேன்

நண்பர் ஒருத்தர் கேட்டிருந்தாங்க. அவங்க ட்ரஸ்ட்ல கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்த வாலண்டியர் கிளம்புறாங்களாம், போறதுக்கு முன்னாடி என்னென்ன எழுதி வாங்கிக்கணும், உங்க ஆபீஸ்ல அப்படி ஒரு நோட் இருக்கே, அது நிஜமா உதவுதான்னு. சரியான நேரத்துலதான் கேட்டாங்க. இப்பதான் எங்க கணக்கு மெஷின்ல மதர்போர்டு போயி, டிஸ்க்கும் இழுக்குதுன்னு சொல்லி புது எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ்லேருந்து எல்லாத்தையும் அந்த நோட்டைக் கையில வெச்சுக்கிட்டே மறுபடி ஏத்தி முடிச்சோம். சூடு ஆறலை, அதனால கொஞ்சம் கோவமாவும் இருக்கும், பொறுத்துக்கோங்க.

நோட் என்னன்னா, எங்க வாலண்டியர் கிளம்பும்போது எழுதிக் கொடுத்துட்டுப் போனது, ரெண்டு பக்கம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு டேபிள், அதுல ப்ரோகிராம் பேரு, வெர்ஷன், லைசென்ஸ் எங்க இருக்கு. கடைசியில கையால எழுதின கொஞ்சம் வரிகள். அவ்வளவுதான்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், ஏன்னா அது நிஜமாவே ரொம்ப நல்லது. எங்ககிட்ட டொனேஷன் ரசீது போடுற ஒரு சின்ன ப்ரோகிராம் இருக்கு, பழைய காலத்துல யாரோ எழுதிக் கொடுத்தது, டேட்டா மொத்தமும் ஒரு ஆக்சஸ் ஃபைல்ல கிடக்கு. அந்த ஃபைலைத் திறக்க ஆக்சஸ் டேட்டாபேஸ் இன்ஜின்னு தனியா ஒண்ணு வேணும், அதுவும் 32 பிட்தான் வேணும், ஏன்னா ப்ரோகிராமே 32 பிட். இப்ப எம்எஸ் ஆபீஸ் டவுன்லோட் பண்ணா, நீங்க ஒண்ணும் மாத்தலைன்னா 64 பிட்தான் வந்து உட்காரும். அது உட்கார்ந்துட்டா 32 பிட் இன்ஜினோட செட்டப் "உங்க மெஷின்ல 64 பிட் ஆபீஸ் இருக்கு, என்னால முடியாது"ன்னு நின்னுடும், இன்ஜின் இல்லாம ரசீது ப்ரோகிராமைத் திறந்தா `The 'Microsoft.ACE.OLEDB.12.0' provider is not registered on the local machine` அப்படின்னு ஒரு மெசேஜ். இதைப் பார்க்குற யாரும் எம்எஸ் ஆபீஸைச் சந்தேகப்படவே மாட்டாங்க, ரசீது ப்ரோகிராம் கெட்டுப்போச்சு, டேட்டா போச்சுன்னுதான் பதறுவாங்க.

நோட்ல கையெழுத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? "இந்த மெஷின்ல எம்எஸ் ஆபீஸ் 32 பிட் மட்டும். 64 போட்டா ரசீது திறக்காது." ஒரே வரி. டவுன்லோட் பக்கத்துல Other options போயி 32 பிட் எடுத்துப் போட்டோம், இன்ஜின் ஏறுச்சு, ரசீது ப்ரோகிராம் முதல் தடவையே திறந்துச்சு. சர்வீஸ்காரர்கிட்ட மட்டும் விட்டிருந்தா ரெண்டு மூணு நாள் அதுலயே போயிருக்கும்னு நினைக்கிறேன். அந்த ஒரு வரிக்காக அவங்களுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தகும்.

இதுலேருந்து டேபிள்ல இருக்குற வெர்ஷன் கட்டத்தைப் பத்தி எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. பிரவுசர் வெர்ஷன், விஎல்சி வெர்ஷன் எல்லாம் புள்ளி புள்ளியா எழுதியிருந்தாங்க, அது எதுக்கும் ஆகலை, தானா அப்டேட் ஆகுற சாமானுக்கு எழுதின அடுத்த மாசமே அந்த நம்பர் பழசு. லிப்ரே ஆபீஸுக்கு 7.6ன்னு இருந்துச்சு, அதுக்கு அடுத்தது 24.2. 2024லேருந்து அவங்க வருஷம் மாசத்தை வெச்சு நம்பர் போட ஆரம்பிச்சுட்டாங்க, நடுவுல எதுவும் விட்டுப்போகலை, ஆனா நோட்டோட ஒப்பிட்டுப் பார்த்த புதுப் பொண்ணு வேற ஏதோ ப்ரோகிராம் ஏறிடுச்சுன்னு பயந்துட்டா. ஆனா ஒரு வெர்ஷன் இன்னொண்ணைக் கட்டிப்போடுற இடம் இருக்கு பாருங்க, 32 பிட் மாதிரி, இல்லன்னா கணக்கு சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன்ல ஒரு தடவை திறந்த டேட்டாவைப் பழசுல திறக்க முடியாதுங்கிற மாதிரி, அங்கதான் நம்பர் எழுதணும், ஏன்னு காரணத்தோட. மத்ததுக்குப் பேரு மட்டும் போதும்.

இப்ப எரிச்சலுக்கு வர்றேன். லைசென்ஸ் எங்கங்கிற கட்டம்.

விண்டோஸுக்கு நேரா "கேபினெட் பின்னாடி ஸ்டிக்கர்"னு இருக்கு. ஸ்டிக்கர் இருக்கு, ஆனா அதுல கீ இல்லை. விண்டோஸ் 8 வந்த காலத்துலேருந்தே, கம்பெனியில விண்டோஸோட வர்ற மெஷின்ல கீ மதர்போர்டு சிப்புக்குள்ளதான் இருக்கும், ஸ்டிக்கர் சும்மா ஒரிஜினல்னு காட்டுறதுக்கு. போர்டு போனா கீயும் அதோட போச்சு, வெளியில வாங்கி மாட்டின வேற போர்டுல அது வராது. மெஷின் நல்லா ஓடும்போதே ஒரு கமாண்ட் அடிச்சுப் பார்த்திருந்தா இது தெரிஞ்சிருக்கும்:

```
slmgr /dli
```

வர்ற பெட்டியில OEM_DM channel னு இருந்தா லைசென்ஸ் அந்தப் போர்டோட ஒட்டினது. RETAIL னு இருந்தா வேற மெஷினுக்கு மாத்திக்கலாம். இதை நோட்ல ஒரு வார்த்தையில எழுதியிருந்தா, புது விண்டோஸ் லைசென்ஸுக்கும் சேர்த்து கமிட்டியில முதல்லயே பணம் கேட்டிருப்போம். எல்லாம் முடிஞ்சு ஸ்க்ரீன் மூலையில Activate Windows வந்ததுக்கு அப்புறம் போயி நிக்க வேண்டியிருந்துச்சு.

அதாவது பரவாயில்லை, காசோட போச்சு. எம்எஸ் ஆபீஸ் கதைதான் இன்னும் வயிறு எரியுது. நோட்ல "லைசென்ஸ்: பீரோ, நீல ஃபைல்"னு இருக்கு. பீரோவைத் திறந்தா நீல ஃபைல் இருக்கு, ஃபைல்ல ரெண்டு கார்டு, ரெண்டும் ஹோம் அண்ட் பிசினஸ் 2019, ரெண்டும் சுரண்டியாச்சு. கீ கண்ணுக்கு முன்னாடி பளிச்சுனு இருக்கு. அடிச்சா ஏற்கனவே பயன்படுத்தியாச்சுன்னு வருது. கார்டுல இருக்கிறது ஒரே ஒரு தடவை ஒரு மெயில் அக்கவுண்ட்ல போடுற கோட், போட்ட அந்த நிமிஷத்துலேருந்து லைசென்ஸ் கார்டுல இல்லை, அக்கவுண்ட்ல இருக்கு. அந்த அக்கவுண்ட் எதுன்னு நோட்ல எங்கயும் இல்லை. ஆபீஸ் மெயில்ல போட்டுப் பார்த்தோம், காலி. அவங்களோட சொந்த மெயில்ல போட்டிருக்காங்க!

இதுல இன்னொரு குழப்பம். பக்கத்து மேஜை மெஷின் எந்தக் கார்டுல ஓடுதுன்னு பார்க்கலாம்னு இதை அடிச்சோம், அங்க ஆபீஸ் 32 பிட், விண்டோஸ் 64 பிட், அதனால பாதை இப்படி:

```
cscript "C:\Program Files (x86)\Microsoft Office\Office16\OSPP.VBS" /dstatus
```

கீயோட கடைசி அஞ்சு எழுத்து வரும். அது ரெண்டு கார்டுலயும் இல்லை. சர்வீஸ்காரர் உடனே திருட்டு லைசென்ஸா இருக்குமோன்னு ஆரம்பிச்சுட்டாரு, கேக்கவே கஷ்டமா இருந்துச்சு, காசு சேர்த்து பில்லோட வாங்கினது அது. விஷயம் என்னன்னா, கார்டு கோட் வேற, மெஷின்ல உட்கார்ற கீ வேற. மெஷின் கீயை அக்கவுண்ட் பக்கத்துல காட்டுற கீயோடதான் ஒப்பிடணும். கார்டோட ஒப்பிட்டா பொருந்தவே பொருந்தாது.

அப்புறம் அவங்களைத் தேடிப் பிடிச்சு, அவங்க வேலை முடிச்சு வர்ற நேரம் பார்த்து, ரிமோட்ல வந்து லாகின் பண்ணாங்க. பாஸ்வேர்டு போட்டா கோட் அவங்க பழைய நம்பருக்குப் போகுது, நல்லவேளை இன்னொரு மெயிலும் கொடுத்து வெச்சிருந்தாங்க. உள்ள ஒரே பேர்ல ரெண்டு லைசென்ஸ். பக்கத்து மெஷினோட அஞ்சு எழுத்து ஒண்ணோட பொருந்துச்சு, அப்ப மிச்சம் இருக்கிறது எங்களோடது, அதைப் போட்டாங்க. ஒரு வார்த்தை முகம் சுளிக்கலை, அவ்வளவு நல்ல மனுஷி. ஆனா ஒருத்தர் அக்கவுண்ட்ல ஏத்தினதை இன்னொரு அக்கவுண்ட்டுக்கு மாத்த முடியாது, அதனால அடுத்த ரிப்பேருக்கும் அவங்களைத்தான் தேடணும். போயிட்டவங்களை இன்னும் எத்தனை காலம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கிறது?

இவ்வளவு கவனமா எழுதினவங்க இதை எப்படி விட்டாங்கன்னு யோசிச்சேன். 32 பிட் விஷயத்துல அவங்களே மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பாங்க, அதான் எழுதியிருக்காங்க. அக்கவுண்ட் அவங்களோடது, அவங்களுக்கு எப்பவும் லாகின் ஆகியே இருந்திருக்கும், அங்க ஒரு கதவு இருக்குன்னே அவங்க கண்ணுல பட்டிருக்காது.

அதனால நண்பருக்கு நான் சொல்றது, லைசென்ஸ் எங்கன்னு ஒரு கட்டம் பத்தாது. கார்டோ பில்லோ எங்க இருக்கு, எந்த மெயில்ல ஏத்தியிருக்கு, லாகின் பண்ணா கோட் யார் போனுக்குப் போகுது, இது மூணும் தனித்தனியா வேணும். எழுதி வாங்கிட்டு நிக்காதீங்க. அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி, பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதே, வேற ஒருத்தர் பிரவுசர்ல பிரைவேட் விண்டோ திறந்து, நோட்டை மட்டும் பார்த்து, டவுன்லோட் பட்டன் வரைக்கும் போய்ப் பாருங்க. எந்த இடத்துல நின்னுட்டு அவங்க முகத்தைப் பார்க்குறீங்களோ, அங்க நோட்ல ஒரு வரி குறையுது. இன்னும் ஏத்தாத கார்டு ஏதாவது இருந்தா, தனி ஆள் மெயில்ல ஏத்த விடாதீங்க, ட்ரஸ்ட் பேர்ல இருக்குற மெயில்லயே ஏத்துங்க.

மார்க் கேட்டீங்கன்னா, இன்னிக்கு பத்துக்கு நாலுதான் கொடுப்பேன். ரசீது ப்ரோகிராமைக் காப்பாத்தினது அந்த நோட்தான், அது நல்லாத் தெரியும், இருந்தும் நாலுதான். 2019 எடிஷனுக்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டும் முடிஞ்சுபோச்சு, எப்படியும் மாத்தணும், அடுத்ததை office னு ஆரம்பிக்கிற எங்க பொது மெயில்லதான் ஏத்தப் போறோம், கோட் போறதுக்கு ஆபீஸ் போன் நம்பர். நோட்டையும் புதுசா டைப் பண்ணிக்கிட்டிருக்கேன், அவங்க கையெழுத்துல இருந்த வரிகளை ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே மேல போட்டிருக்கேன்.