பிரேக் ஒயிலின் ஈரப்பதத்தை எங்கே அளப்பது, எப்போது மாற்றுவது: கொழும்பில் சில ஆண்டுப் பயன்பாட்டின் பின்

ஜப்பானிலிருந்து வந்த பெற்றோல் கார் ஒன்றைக் கொழும்பில் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையிலான அன்றாட ஓட்டத்தோடு, விடுமுறைகளில் நுவரெலியாவுக்கும் அது போய் வரும். பிரேக் ஒயிலை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டால் இங்கே மூன்று விதமான பதில் கிடைக்கும். சேர்விஸ் நிலையம் ஒவ்வொரு ஆண்டும் என்று சொல்லும். கராஜ் பாஸ் ஒயில் கறுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார். வாகனத்தோடு வந்த கையேடு, தயாரிப்பாளரைப் பொறுத்து, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் என்று குறிப்பிடும். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; நீர் சேரச் சேர அது குறைந்த வெப்பத்திலேயே கொதித்து, பிரேக் பிடிக்காமல் போகலாம். எது சரி என்பதை என் வாகனத்தின் ஒயிலையே அளந்து தெரிந்துகொள்வதற்காக, பேனா வடிவிலான ஈரப்பதச் சோதனைக் கருவி ஒன்றை வாங்கினேன். அதை ஒயிலில் தோய்த்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் எரியும். பச்சைக்கு நீர் இல்லை, முதல் மஞ்சளுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, இரண்டாம் மஞ்சளுக்கு ஏறத்தாழ இரண்டு, முதல் சிவப்புக்கு மூன்று, கடைசிச் சிவப்புக்கு நான்குக்கு மேல் என்று அதன் உடலில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கருவி நீரை நேரடியாக அளப்பதில்லை. நுனியிலுள்ள இரண்டு முனைகளுக்கிடையே ஒயில் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைத்தான் அளக்கிறது. நீர் கூடக் கூட கடத்துதிறன் உயரும் என்பது உண்மையே. ஆயினும் ஒயிலில் சேர்க்கப்பட்டிருக்கும் துருத்தடுப்புப் பொருள்களும் அதை மாற்றும், வெப்பநிலையும் மாற்றும், ஆகவே இரண்டு வர்த்தகப் பெயர்களின் ஒயில்கள் ஒரே அளவு நீரோடு வெவ்வேறு விளக்குகளை எரிய வைக்கக்கூடும். அதனால் வாகனத்தில் தோய்ப்பதற்கு முன் கருவியையே சோதித்துப் பார்த்தேன். நான் பயன்படுத்தும், டொட் 3 என்ற தரத்தைச் சேர்ந்த ஒயிலில் முத்திரை உடைக்காத போத்தல் ஒன்றைத் திறந்து, மூடியுள்ள சிறிய கண்ணாடிச் சாடிகளில் நூறு நூறு மில்லிலீற்றராக ஊற்றினேன். முதற் சாடியை அப்படியே விட்டு, மற்றவற்றில் காய்ச்சி வடித்த நீரைச் சிரிஞ்சால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மில்லிலீற்றர் என்று சேர்த்துக் கலக்கி, எல்லாம் அறையின் வெப்பநிலைக்கு வந்த பின் அளந்தேன். ஒரு சதவீத நீருள்ள சாடியிலும் பச்சையே எரிந்தது. இரண்டில் முதல் மஞ்சள், மூன்றில் இரண்டாம் மஞ்சள், நான்கில்தான் முதல் சிவப்பு. அதாவது என் கருவி இந்த ஒயிலில் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைத்துச் சொல்கிறது. இதற்கு மாறாக, வேறொரு நிறுவனத்தின் டொட் 4 ஒயில், முத்திரை உடைத்த அந்தக் கணத்திலேயே மஞ்சளைக் காட்டியது. குழாய் நீரைக் கலந்த சாடி, அதிலுள்ள உப்புகளின் காரணமாக, அதே அளவு வடித்த நீருள்ள சாடியைவிட மோசமான விளக்கைக் காட்டியது. ஆகையால் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் குழாய் நீரைப் பயன்படுத்தக் கூடாது.

இந்த அரை மணி நேர வேலைக்குப் பிறகு கருவியின் மீதான மதிப்பு எனக்குக் கூடியதா குறைந்ததா என்று சொல்வது கடினம். அச்சிட்ட சதவீதங்களை நம்ப முடியாது. ஆனால் ஒரே ஒயில், ஒரே கருவி, ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது போதும்.

அடுத்த கேள்வி எந்த இடத்து ஒயிலை அளப்பது என்பது. கராஜ்களில் பொனட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டருக்கு மேலுள்ள தாங்கியின் மூடியைக் கழற்றி, அங்கேயே தோய்த்துப் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறார்கள். ஈரம் மூடியின் காற்றுத் துவாரம் வழியாக மட்டும் வருவதில்லை; சக்கரங்களுக்கு அருகிலுள்ள ரப்பர் குழாய்களின் சுவர்களை ஊடுருவியும் மெல்ல மெல்லச் சேர்கிறது. தாங்கியிலுள்ள ஒயிலும், சக்கரத்தில் பிரேக் பாட்களை டிஸ்க்கோடு அழுத்தும் கலிப்பரிலுள்ள ஒயிலும் எளிதில் கலப்பதில்லை, ஏனெனில் பெடலை மிதிக்கும்போது குழாயில் நகரும் அளவு மிகச் சிறியது. இதற்கு மேலாக, சேர்விஸின்போது தாங்கியிலிருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றிவிட்டு, ஒயில் மாற்றியதாகப் பற்றுச்சீட்டில் எழுதும் வழக்கமும் இருக்கிறது. அப்படிப்பட்ட வாகனத்தின் தாங்கியில் தோய்த்தால் பச்சை எரியாமல் வேறென்ன எரியும்? சூடேறுவதோ கலிப்பரிலுள்ள ஒயில்தான்.

ஆகவே மாதிரியைக் கலிப்பரிலிருந்தே எடுக்கிறேன். வாகனத்தை ஜக்கில் உயர்த்தித் தாங்குகால்களில் நிறுத்தி, முன் இடது சக்கரத்தைக் கழற்றி, கலிப்பரிலிருந்து ஒயிலை வெளியே விடும் பிளீட் நிப்பிளைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பின், ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயை அதில் மாட்டி மறுமுனையை உலர்ந்த சாடியில் விட வேண்டும். உள்ளே ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பெடல் கீழே போனதும் அவர் காலை எடுப்பதற்கு முன்பே மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே போய்விடும். இருபது, முப்பது மில்லிலீற்றர் போதும். குறைந்ததைத் தாங்கியில் புதுப் போத்தலிலிருந்து நிரப்பி, சாடியை உடனே மூடுகிறேன். கொழும்பின் காற்றில் ஆண்டு முழுவதும் இருக்கும் ஈரத்துக்கு, திறந்து வைத்த மாதிரி சீக்கிரமே பொய் சொல்லத் தொடங்கிவிடும். வண்ணப்பூச்சின்மேல் ஒரு துளி பட்டாலும் தாராளமாக நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

முழுமையாக மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆனபோது எடுத்த அளவீட்டை விரிவாகச் சொல்வது பயன்படும். தாங்கியில் பச்சை. கலிப்பர் மாதிரியில் முதல் மஞ்சள். என் சாடிகளின் கணக்குப்படி அது இரண்டு சதவீதம். இரண்டு மாதிரிகளையும், ஒயிலைச் சூடாக்கிக் கொதிநிலையையே காட்டும் கருவி வைத்திருக்கும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். போத்தலிலிருந்த புது ஒயில் 238 பாகை செல்சியஸிலும், தாங்கியிலிருந்தது 196 பாகையிலும், கலிப்பரிலிருந்தது 171 பாகையிலும் கொதித்தன. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையும், ஏறத்தாழ 3.7 சதவீத நீர் சேர்ந்த பின் குறைந்தது 140 பாகையும் தாங்க வேண்டும் என்பது தரநிர்ணயம். டொட் 4 இற்கு அவை 230, 155. முதல் ஒரு சதவீத நீரே கொதிநிலையை மிக அதிகமாக வீழ்த்துகிறது, பிறகு வீழ்ச்சி மெதுவாகிறது என்பதை என் எண்களும் காட்டின. பேனாவில் பச்சை எரிந்த தாங்கி ஒயில் நாற்பது பாகைக்கு மேல் ஏற்கெனவே இழந்திருந்தது.

171 பாகை நகர ஓட்டத்துக்குத் தாராளம். காலி வீதி நெரிசலில் ஒயில் அந்த வெப்பத்தின் அருகில்கூடப் போகாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வளைவுகளில், நாலு பேரும் பெட்டிகளும் உள்ள வாகனத்தைத் தாழ்ந்த கியரில் விடாமல் பிரேக்கிலேயே பிடித்து இறக்கினால் கதை வேறு. அங்கேயும் ஆபத்து பெரும்பாலும் மிதித்துக்கொண்டிருக்கும்போது வருவதில்லை. அப்போது குழாயில் உயர்ந்த அழுத்தம் இருப்பதால் ஒயில் எளிதில் கொதிக்காது. தேநீர்க் கடையில் நிறுத்திக் காலை எடுத்த பின், காற்றோட்டம் நின்றுபோய், டிஸ்க்கின் வெப்பம் கலிப்பருக்குள் ஊறும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஆவிக்குமிழ்கள் உருவாகின்றன. மறுபடி கிளம்பியதும் பெடல் மெத்தென்று அடிவரை போகும், பலமுறை மிதித்தால் ஓரளவு மீளும். பெடல் கல்லாக இருந்தும் வாகனம் நிற்க மறுத்தால் அது பிரேக் பாட் சூடேறியதன் அறிகுறி. அதற்கு ஒயிலை மாற்றிப் பயனில்லை.

ஆகவே கலிப்பர் ஒயில் 175 பாகைக்குக் கீழே வந்தால் மலைநாட்டுக்குப் போவதற்கு முன் மாற்றுவது என்ற எல்லையை எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். இது எந்தத் தரநிர்ணயத்திலும் உள்ள எண் அல்ல. 140 பாகைக்கு மேலே எனக்கு வேண்டிய இடைவெளியை வைத்து நான் எடுத்த முடிவு. அந்த முறை கையேடு அனுமதித்ததால் டொட் 4 ஒயிலுக்கு மாறினேன். இரண்டும் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றோடொன்று கலக்கலாம். சிலிக்கோன் வகையான டொட் 5 ஐ மட்டும் கலக்கவே கூடாது. மறுபடி இரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்த கலிப்பர் மாதிரி 186 பாகையில் கொதித்தது. இடையில், ஓர் ஆண்டு முடிவில் எடுத்த மாதிரிகளில் மாற்ற வேண்டிய காரணம் எதையும் நான் ஒருபோதும் காணவில்லை, ஆகவே ஆண்டுதோறும் மாற்றச் சொல்வது என் போன்ற ஓட்டத்துக்கு வீண் செலவு என்றே கருதுகிறேன். மறுபக்கம், பம்பலப்பிட்டியைத் தாண்டி அதிகம் போகாத என் மைத்துனரின் காரில், நான்கு ஆண்டுகளுக்கு மேல் மாற்றப்படாத டொட் 3 ஒயில் 152 பாகைக்கு இறங்கியிருந்தது. ஓடிய கிலோமீற்றர் மிகக் குறைவு, நிறமும் வெளிர் மஞ்சள்தான். ஈரம் ஓட்டத்தைக் கணக்கிட்டு வருவதில்லை. கறுப்பு நிறம் பெரும்பாலும் ரப்பர்த் துகள்களாலும் உலோகத் துகள்களாலும் வருவதால் அதை வைத்து ஈரத்தைச் சொல்ல முடியாது.

மலைப்பாதையில் போகும் வாகனத்துக்கு இரண்டு ஆண்டுகளை நான் உறுதியாகச் சொல்வேன். நகரத்துக்குள் மட்டும் ஓடும் வாகனத்தை, கொதிநிலைச் சோதனை இடம் கொடுத்தால், மூன்று ஆண்டுவரை விடலாம். அதற்கு மேல் இழுக்க விரும்பாததற்குக் காரணம் கொதிநிலை மட்டுமல்ல. துருத்தடுப்புப் பொருள்களும் காலத்தோடு தேய்ந்துபோகின்றன, அதைப் பேனாவும் காட்டாது, கொதிநிலையும் காட்டாது. ஏபிஎஸ் அலகின் நுண்ணிய வால்வுகள் துருப்பிடித்தால் பஞ்சிகாவத்தையில் பழைய அலகு தேடும் செலவோடு ஒப்பிடும்போது ஒரு லீற்றர் ஒயிலின் விலை ஒரு பொருட்டல்ல.

மாற்றும் நாளில் பேனாவுக்கு இன்னொரு உருப்படியான வேலை உண்டு. கராஜில் பாதி காலியான பெரிய கலனிலிருந்து ஊற்ற வந்தால், அதே ஒயிலின் புதுப் போத்தலோடு ஒப்பிட்டு அளந்து பார்க்கிறேன். விளக்கு வேறுபட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரங்களிலிருந்தும் புது ஒயில் வெளிவரும்வரை மாற்றுவதற்கு என் காருக்கு ஒரு லீற்றர் போதுமானதாக இருக்கிறது. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் மட்டும், மாதிரி எடுப்பதற்கும் மாற்றுவதற்கும் ஸ்கானர் கருவியும் அந்த வாகனத்துக்குரிய செயல்முறையும் உள்ள கராஜையே நாட வேண்டும். அவற்றின் மின்னணுப் பிரேக்கில், நான் மேலே விவரித்தபடி பெடலை மிதித்து நிப்பிளைத் திறக்கும் முறை பொருந்தாது.