எட்டுப் பேரில் ஒருவர் கடைசியாக இருந்தே ஆக வேண்டுமா? பெல் கர்வும் மாற்று வழிகளும்

அப்ரைசல் நேரத்தில் மேனேஜருக்கு ஒரு எக்செல் ஷீட் வரும். மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10, இதற்குள் உங்கள் டீமை அடக்கிக் கொடுங்கள் என்று இருக்கும். 1981 முதல் 2001 வரை ஜாக் வெல்ச் தலைமையில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தால் உலகம் முழுக்கப் பரவிய இந்தக் கணக்கைத்தான் பெல் கர்வ் என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் இதுபோன்ற கட்டாயத் தரவரிசையை 2013 நவம்பரில் கைவிட்டது. ஆனாலும் பல இடங்களில் இது ‘எதிர்பார்க்கப்படும் பரவல்’ போன்ற மென்மையான பெயர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இங்கே மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: டீம் வாரியாக ஒதுக்கீடு, ரேட்டிங்கே இல்லாத முறை, ஒதுக்கீடு இல்லாமல் அளவுகோலை வைத்து ரேட்டிங் போட்டு மேனேஜர்கள் கூடிச் சரிபார்க்கும் முறை. என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான், ஆனால் அதிலும் ஓட்டை உண்டு.

முதலில் ஒதுக்கீடு. இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். கம்பெனி முழுவதிலும் உண்மையாகவே 10 சதவீதம் பேர் வேலையில் பின்தங்கியவர்கள், அவர்கள் எல்லா டீமிலும் எப்படி எப்படியோ கலந்து இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் கொண்ட ஒரு டீமில் அப்படி ஒருவர்கூட இல்லாமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 0.9-ஐ எட்டு முறை பெருக்கினால் 0.43 வருகிறது. அதாவது நூறு டீம்களில் சுமார் 43-இல் கடைசியில் போடத் தகுந்த ஆளே கிடையாது. சுமார் 38-இல் சரியாக ஒருவர் இருப்பார், மீதி 19-இல் இரண்டு அல்லது அதற்கு மேல். இப்போது ஒவ்வொரு டீமும் ஒருவரைக் கடைசியில் போட வேண்டும் என்று விதி வைத்தால், 43 டீம்களில் நன்றாக வேலை செய்யும் ஒருவர் அடிபடுகிறார், 19 டீம்களில் நிஜமாகவே பின்தங்கியவர் ஒருவராவது தப்பிக்கிறார். மேனேஜர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் பிழை அவரிடம் இல்லை, சின்னக் குழுவுக்குப் பெரிய கூட்டத்தின் சதவீதத்தைப் பொருத்தியதில்தான் இருக்கிறது.

அப்புறம் ஒத்துழைப்புக்கு வருவோம். அதே எட்டுப் பேர் டீமில் முதல் இடம் ஒன்று, கடைசி இடம் ஒன்று. புதிதாகச் சேர்ந்தவர் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு திணறுகிறார், எனக்கு அதன் தீர்வு தெரியும், அரை நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். உட்கார்ந்தால் அவர் கடைசி இடத்திலிருந்து மேலே வருவார், அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் வேறு யாராவது அங்கே போக வேண்டும், அது நானாகவும் இருக்கலாம், அதுவும் அந்த அரை நாளில் என் சொந்த வேலை நின்றுபோயிருக்கும். இப்படி ஒவ்வொரு உதவிக்கும் ஒரு விலை ஒட்டிக்கொள்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் பதில்கள் தாமதமாகும், குறிப்புகள் எழுதப்படாமல் போகும், தனக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைக் கையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பாகத் தோன்றும். திறமைசாலிகள் இன்னொரு திறமைசாலி இருக்கும் டீமுக்குப் போகத் தயங்குவார்கள். நான் பார்த்ததிலேயே மனதை உறுத்தியது, கடைசி இடத்துக்குக் காட்டுவதற்காகவே ஒருவரை டீமில் வைத்திருப்பது. அந்த மனிதருக்கு அது தெரியவே தெரியாது.

உங்கள் இடத்தில் இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடைசி ரேட்டிங் வாங்கியவரைப் பற்றிய எதிர்மறைக் குறிப்புகள் எப்போது எழுதப்பட்டன என்று தேதியைப் பாருங்கள். வருடம் முழுக்க ‘நன்று’ என்று இருந்து, ரேட்டிங் முடிவான வாரத்தில் திடீரெனக் குறைகள் முளைத்திருந்தால், இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடியிருக்கிறார்கள். கடைசியில் விழுந்தவர்களில் புதிதாக டீம் மாறியவர்களும் நீண்ட விடுப்பில் இருந்து திரும்பியவர்களும் அதிகமாக இருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவர்களுக்காக வாதாட ஆள் இருப்பதில்லை.

சரி, ரேட்டிங்கே வேண்டாம் என்றால்? அடோபி 2012-இல் வருடாந்திர அப்ரைசலை விட்டுவிட்டு அடிக்கடி பேசிக்கொள்ளும் முறைக்கு மாறியது. பேச்சு நன்றாக நடக்கும் இடத்தில் இது அருமையான முறை. ஆனால் சம்பள உயர்வுக்கான பணத்தை யாராவது பிரித்துத்தான் ஆக வேண்டும், அதற்கு மேனேஜர் மனதுக்குள் ஒரு வரிசை போட்டுக்கொள்வார். எழுத்தில் இல்லாத ரேட்டிங்கை எதிர்த்துக் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் இதில் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம்.

மூன்றாவது முறையில் வருடத் தொடக்கத்திலேயே ‘சிறப்பு’ என்றால் என்ன, ‘நன்று’ என்றால் என்ன என்று அந்தந்தப் பொறுப்புக்கு எழுதி வைக்கிறார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் ‘சிறப்பு’ வாங்கலாம். உடனே நிதித்துறை கேட்கும், எல்லோருக்கும் சிறப்பு போட்டால் பணத்துக்கு எங்கே போவது என்று. அதற்கு இடங்களை எண்ணி வைக்கத் தேவையில்லை, புள்ளிகள் போதும். சிறப்புக்கு 1.5, நன்றுக்கு 1 என்று வைத்து மொத்தப் பணத்தைப் புள்ளிகளால் வகுத்துவிடலாம். மூன்று சிறப்பு, ஐந்து நன்று என்றால் 9.5 புள்ளி, நூறு ரூபாய் இருந்தால் ஒரு புள்ளிக்குச் சுமார் 10.50. பணம் தானாகவே வரம்புக்குள் நிற்கும்.

ஆனால் பணத்தை எந்த மட்டத்தில் பகிர்கிறோம் என்பது முக்கியம். டீமுக்குள்ளேயே பகிர்ந்தால், என் உதவியால் ஒருவர் நன்றிலிருந்து சிறப்புக்குப் போகும்போது மொத்தம் 10 புள்ளி ஆகி என் பங்கு 5 சதவீதம் குறைகிறது. அதாவது பழைய நோயே வேறு உருவில் வருகிறது. டீமுக்குள் இல்லாமல், ஐந்நூறு பேர் கொண்ட ஒரு பிரிவு முழுவதற்கும் பொதுவாகச் சுமார் 550 புள்ளிகள் என்று வைத்தால், அதே உதவி என் பங்கைக் குறைப்பது 0.1 சதவீதத்துக்கும் கீழே. யாரும் அதற்காக உதவியை நிறுத்த மாட்டார்கள்.

இங்கேதான் நான் சொன்ன ஓட்டை. பணம் பொதுவாக இருந்தால் தாராள மனதுள்ள மேனேஜரின் டீம் அதிகம் அள்ளும். 2000-இல் வெளியான ஒரு ஆய்வில், ரேட்டிங்குகளில் தெரிந்த வேறுபாட்டில் பாதிக்கும் மேல் மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கால் வந்தது என்று தெரியவந்தது. அதனால் ஒரே மாதிரி வேலையைப் பார்க்கும் ஐந்தாறு மேனேஜர்கள் ஒன்றாக உட்கார்ந்து சரிபார்க்காமல் இந்த முறை நிற்காது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் ஆதாரம் எழுதி வர வேண்டும், அதில் ‘இவரால் யாருடைய வேலை எளிதானது’ என்ற கேள்விக்குப் பெயரோடு பதில் இருக்க வேண்டும். எல்லைக்கோட்டில் இருப்பவர்களை முதலில் எடுக்க வேண்டும், எல்லோரும் களைத்துப்போன கடைசி அரைமணியில் அல்ல. புதிய ஆதாரம் எதுவும் வராமல் ஒரு ரேட்டிங் மாறினால், மாற்றச் சொன்னவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாத கூட்டங்களில் சத்தமாகப் பேசும் மேனேஜரின் டீம் ஜெயிக்கும், அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மேலிடம் ஒதுக்கீட்டை விடவே மாட்டேன் என்றால், குறைந்தது டீம் அளவில் வேண்டாம், 150 பேருக்கு மேல் உள்ள பிரிவு அளவில் வையுங்கள் என்று கேளுங்கள். அங்கேகூட உண்மையில் பின்தங்கியவர்கள் சரியாக 15 பேராக இருக்க மாட்டார்கள், எட்டிலிருந்து இருபத்திரண்டு வரை எந்த எண்ணும் இயல்பாக வரலாம், எனவே 10 சதவீதம் என்பதற்குப் பதிலாக 5 முதல் 15 வரை என்று எழுதச் சொல்லுங்கள்.